வெளிறிய முடிச்சு

பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள 56 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதமாகக் கணுக்காலில் வீக்கம். சிறுநீர் நுரைத்துக்கொண்டு போகிறது. 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துப் பார்த்ததில் 8 கிராம் புரதம் இருக்கிறது. மூன்றரை கிராமைத் தாண்டினாலே அது பெரிய கசிவு. சர்க்கரைதான் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று எவருக்கும் தோன்றும். ஆனால் விழித்திரையைப் பரிசோதித்த கண் மருத்துவர், அங்கே சர்க்கரையின் பாதிப்பே இல்லை என்கிறார். சிறுநீரகத்தை இந்த அளவுக்குத் தாக்கிய சர்க்கரை பெரும்பாலும் கண்ணையும் விட்டுவைக்காது. இன்னொரு செய்தியும் உண்டு. இளமையில் அவருக்குக் காசநோய் வந்து குணமானது. அது நுரையீரலில் விட்டுப்போன சேதத்தால் இருபது ஆண்டுகளாகச் சளி நின்றபாடில்லை.

இவர் ஒரு தனி மனிதர் அல்ல. பேத்தாலஜி மேசைக்கு வந்துசேரும் பலரைச் சேர்த்துச் செய்த மாதிரி. இப்படிப்பட்டவருக்குச் சந்தேகம் தீர ஒரே வழி, ஊசி செலுத்திச் சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பது. அதைத்தான் பயாப்ஸி என்கிறோம். கிடைப்பது சேமியா இழை போல, ஒன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள சதைத் துணுக்கு. அதை ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்னும் கருவியில் சீவுவார்கள். சிறுநீரகத் திசுவை வழக்கமாக 2 அல்லது 3 மைக்ரான் தடிமனுக்குச் சீவுவது முறை. ஒரு தலைமுடியின் தடிமனில் இப்படி இருபது சீவல்களை அடுக்கிவிடலாம்.

அவ்வளவு மெல்லிய திசுவுக்கு நிறமே கிடையாது. கண்ணாடித் தகட்டில் தண்ணீர்க் கறை போலத்தான் தெரியும். ஆகவே சாயம் ஏற்ற வேண்டும். எல்லாத் துணுக்குகளுக்கும் முதலில் ஏற்றுவது ஹீமடாக்சிலின், ஈயோசின் என்னும் இணை. உயிரணுக்களின் உட்கரு நீலமாகும், மற்றவை இளஞ்சிவப்பாகும். நோயறிதலில் பெரும்பகுதி இந்த இரு நிறங்களிலேயே முடிந்துவிடும்.

நம் நோயாளிக்கு முடியவில்லை. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டுவது குளோமருலஸ் எனப்படும் நுண்குழாய் உருண்டைகள். இவருடைய உருண்டைகளுக்குள் இளஞ்சிவப்பாக முடிச்சு முடிச்சாக ஏதோ படிந்திருக்கிறது. சர்க்கரை நோயிலும் இப்படியே முடிச்சுகள் வரும். கிம்மெல்ஸ்டீல், வில்சன் என்ற இருவர் 1936இல் அவற்றை விவரித்தார்கள். அமிலாய்டு என்னும் புரதம் படிந்தாலும் இதே தோற்றம்தான். சாதாரணச் சாயத்தில் இரண்டும் இளஞ்சிவப்பு. இங்கேதான் சிறப்புச் சாயங்கள் வருகின்றன.

சர்க்கரையைக் காட்டும் சாயம்

முதலில் பி.ஏ.எஸ். எனப்படும் பெரியாடிக் அமிலம்–ஷிஃப் சாயம். ஹூகோ ஷிஃப் என்ற வேதியியலாளர் 1866இல் கண்ட வினையை, 1946இல் மெக்மேனஸ் திசுக்களுக்குப் பயன்படுத்திக் காட்டினார். ஃபுக்சின் என்னும் சிவப்புச் சாயத்தைக் கந்தக அமிலச் சேர்மத்தால் நிறமிழக்கச் செய்ததே ஷிஃப் திரவம். ஆல்டிஹைடு என்ற வேதித்தொகுதியைச் சந்தித்தால் அது இழந்த நிறத்தைத் திரும்பப் பெறும். திசுவில் இயல்பாக ஆல்டிஹைடு அதிகம் இராது. அதை உண்டாக்கித் தருவதுதான் பெரியாடிக் அமிலத்தின் வேலை. சர்க்கரைச் சங்கிலிகளில் அக்கம்பக்கமாக இருக்கும் இரண்டு கார்பன்களுக்கு இடையே உள்ள பிணைப்பை அது வெட்டும். வெட்டிய இரு முனைகளிலும் ஆல்டிஹைடு தோன்றும்.

செய்முறை எளிது. சீவலை அரை சதவீத அமிலத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்து, அலசி, ஷிஃப் திரவத்தில் கால் மணி நேரம் ஊறவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடம் காட்டுவார்கள். அந்தத் தண்ணீரில்தான் வெளிர்சிவப்பு அடர்ந்து செங்கருநீலமாகும். சர்க்கரைச் சங்கிலி எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் நிறம் பிடிக்கும்: கல்லீரலில் சேமித்த கிளைக்கோஜன், குடலின் சளி, பூஞ்சைக் காளானின் சுவர், சிறுநீரகத்தில் உருண்டைகளையும் குழாய்களையும் தாங்கும் அடிச்சவ்வு.

சர்க்கரை நோயின் முடிச்சு, அடிச்சவ்வைப் போன்ற பொருள் மிதமிஞ்சிச் சேர்ந்ததால் வருவது. ஆகவே பி.ஏ.எஸ். போட்டால் அடர்த்தியாகச் சிவக்கும். அமிலாய்டு முடிச்சில் சர்க்கரை குறைவு. அது வெளிறியே நிற்கும். நம் நோயாளியின் ஸ்லைடில் முடிச்சுகள் வெளிறியிருக்கின்றன.

உடனே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஷிஃப் திரவம் பழசாகிக் கெட்டிருந்தாலும் முடிச்சு வெளிறித்தான் தெரியும். ஆகவே கண் முதலில் முடிச்சை விட்டு அதே சீவலில் உள்ள குழாய்களுக்குப் போக வேண்டும். குழாய்களின் அடிச்சவ்வு பளிச்சென்று சிவந்திருந்தால் சாயம் வேலை செய்திருக்கிறது. முடிச்சின் வெளிறல் உண்மை. குழாயும் மங்கியிருந்தால் அந்த ஸ்லைடை நம்பாமல் புதிய திரவத்தில் மறுபடி போட வேண்டும். திரவத்தையும் சோதிக்கலாம். சில துளிகளை ஃபார்மலினில் விட்டதும் சட்டென்று செங்கருநீலம் வந்தால் நல்லது. தயங்கித் தயங்கி நீலம் பாய்ந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

தழும்பை அளக்கும் சாயம்

அடுத்தது டிரைக்குரோம். மூன்று நிறம் என்பது பெயரின் பொருள். பியர் மாசன் 1929இல் வெளியிட்ட முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது. உட்கருவுக்குக் கறுப்பு, தசைக்கும் உயிரணுக்களின் உடலுக்கும் சிவப்பு, கொலாஜன் என்னும் நாருக்கு நீலம். முதலில் சிவப்புச் சாயம் எல்லாவற்றிலும் ஏறும். பிறகு பாஸ்போமாலிப்டிக் அமிலம் கொலாஜனிலிருந்து மட்டும் சிவப்பை வெளியேற்றும். கொலாஜன் நெகிழ்வான வலை போன்றது. ஏறிய சாயம் எளிதில் கழன்றுவிடும். இறுக்கமான தசையில் அது கழலாது. காலியான இடத்தில் நீலச் சாயம் போய் அமரும்.

ஃபார்மலினில் பதப்படுத்திய சீவலை, சாயத்துக்கு முன் பூவின் கரைசலில் சுமார் 56 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். அந்தப் படியைத் தவிர்த்தால் சிவப்பு மங்கிப்போகும். அமிலத்தில் கூடுதல் நேரம் வைத்தாலும் அதே கதை. எல்லாமே நீலம் பாய்ந்து, தழும்பு உள்ளதைவிட அதிகமாகத் தெரியும்.

நம் நோயாளியின் முடிச்சுகள் இதில் சாம்பல் கலந்த வெளிர்நீலமாகத் தெரிகின்றன. அமிலாய்டு என்ற சந்தேகத்துக்கு இது ஒத்துப்போகிறது, ஆனால் உறுதிசெய்யாது. டிரைக்குரோம் இங்கே தரும் உண்மையான தகவல் வேறு. குழாய்களுக்கு இடையே ஐந்தில் ஒரு பங்குதான் நீலத் தழும்பு இருக்கிறது. நோய் எதுவானாலும் காப்பாற்றத்தக்க சிறுநீரகம் இன்னும் மீதி இருக்கிறது என்று பொருள்.

துணிச்சாயம் தரும் பச்சை

காங்கோ ரெட் துணிக்காகப் பிறந்தது. 1883இல் ஜெர்மனியில் பால் பாட்டிகர் இதை உருவாக்கினார். படிகாரம் போன்ற பிடிப்பான் எதுவும் இல்லாமல் பருத்தியில் நேரடியாக ஏறும் சாயம் என்பதால் வியாபாரிகள் கொண்டாடினார்கள். ஆப்பிரிக்காவைப் பங்குபோடப் பெர்லினில் ஐரோப்பிய அரசுகள் கூடிய காலம் அது. காங்கோ என்ற பெயர் எல்லார் வாயிலும் அடிபட்டது. விற்பனைக்காக அந்தப் பெயரையே சாயத்துக்கும் வைத்தார்கள். பென்ஹோல்ட் 1922இல் அது அமிலாய்டில் ஒட்டுவதைக் கண்டார். ஐந்து ஆண்டு கழித்து டிவ்ரி, ஒளியை வடிகட்டிப் பார்த்தால் அந்தச் சிவப்பு பச்சையாக மாறுவதைக் கண்டார்.

அமிலாய்டு என்றால் மாவுப்பொருள் போன்றது என்று பொருள். அயோடின் பட்டதும் நிறம் மாறியதைக் கண்டு 1854இல் விர்ஷோ வைத்த பெயர் அது. பிறகுதான் அது புரதம் என்று தெரிந்தது. தவறாக மடிந்த புரதங்கள் வரிசையாக அடுக்கப்பட்டு நார்களாகின்றன. நீளமான காங்கோ ரெட் மூலக்கூறுகள் அந்த வரிசையின் போக்கிலேயே படுத்துக்கொள்கின்றன. நுண்ணோக்கியில் இரண்டு போலராய்டு தகடுகளைக் குறுக்காக வைத்தால் ஒளி அடைபட்டுக் களம் இருண்டுவிடும். ஒழுங்காக அடுக்கிய சாயம் மட்டும் ஒளியைத் திருப்பி, பச்சை ஆப்பிளின் நிறத்தில் மினுங்கும்.

இந்தச் சாயத்துக்கு மெல்லிய சீவல் ஆகாது. 8 முதல் 10 மைக்ரான் வேண்டும். மற்றச் சாயங்களுக்குச் சீவிய கையோடு 2 மைக்ரானில் போட்டால், குறைவாகப் படிந்த அமிலாய்டு கண்ணுக்குத் தப்பிவிடும். அறிக்கை ‘இல்லை’ என்று போகும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கொலாஜனும் இருட்டில் மினுங்கும், ஆனால் வெள்ளி போன்ற வெண்மையில். அதைப் பச்சை என்று நினைத்தால் இல்லாத நோயை எழுதிவிட நேரும். அதனால்தான் ஒவ்வொரு முறையும், அமிலாய்டு இருப்பது ஏற்கெனவே உறுதியான ஒரு திசுவையும் கூடவே சாயமேற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

நம் நோயாளியின் தடித்த சீவலில் முடிச்சுகள் செங்கல் நிறம். தகடுகளைத் திருப்பியதும் பச்சை. சர்க்கரை அல்ல, அமிலாய்டு.

ஆனால் எந்த அமிலாய்டு என்பதைக் காங்கோ ரெட் சொல்லாது. முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் இப்படிப் படியக்கூடும். எல்லாமே ஒரே பச்சை. எலும்பு மஜ்ஜையின் கோளாறால் வந்த வகைக்குப் புற்றுநோய் மருந்துகள் தேவை. நீண்டகாலத் தொற்றால் வரும் வகைக்குத் தொற்றை அடக்குவதே வைத்தியம். ஒன்றுக்குரிய மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் பெருந்தீங்கு. ஆகவே எதிர்ப்புரதங்களைக் கொண்டு மேலும் ஒரு சோதனை செய்கிறார்கள். விடை, தொற்று வகை. இருபது ஆண்டுச் சளிக்கும் மூன்று மாத வீக்கத்துக்கும் இருந்த தொடர்பு வெளிப்படுகிறது. நம் நாட்டில் இவ்வகை அமிலாய்டுக்குக் காசநோய் முக்கியமான காரணங்களில் ஒன்று. இனி அவருடைய வைத்தியம் நுரையீரலிலிருந்து தொடங்கும்.

இந்தச் சோதனைகள் எல்லாம் ஒரே மெழுகுக் கட்டியிலிருந்து சீவிய சீவல்களில் நடந்தவை. அந்தக் கட்டியை ஆய்வகங்கள் பல ஆண்டுகள் பத்திரப்படுத்துகின்றன. வேறு மருத்துவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்கப் போகிறவர்கள் அறிக்கையையும் ஸ்லைடையும் மட்டும் வாங்கிப் போகாமல், ‘பிளாக்’ வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே சாயமேறிய 2 மைக்ரான் ஸ்லைடில் புதிதாகக் காங்கோ ரெட் போட்டாலும் அதை நம்ப முடியாது. பிளாக் இருந்தால் 8 மைக்ரானில் இன்னொன்று சீவிக்கொள்ளலாம்.