வொன் கணக்கிலிருந்து ரூபாய்க் கணக்குக்கு: வெளிநாட்டு முதலீட்டை எடைபோடும் வழி

உத்திரமேரூருக்கு வடக்கே உள்ள இருங்காட்டுக்கோட்டையில் தென்கொரியாவின் ஹூண்டாய் கார் ஆலை இருக்கிறது. 1996-இல் இந்தியாவுக்கு வந்த அந்த நிறுவனத்தின் முதல் கார், சான்ட்ரோ, 1998-இல் வெளியானது. இப்படி ஓர் ஆலை போடுமுன் சியோலில் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் எழும். அவர்கள் எதிர்பார்க்கும் ஆதாயம் வொன் கணக்கில். ஆலை ஈட்டப்போவதோ ரூபாயில்.

ஒவ்வோர் ஆண்டின் ரூபாய் வரவையும் அந்தந்த ஆண்டின் மாற்று விகிதத்தை ஊகித்து வொன்னாக்கலாம். ஆனால் இருபது ஆண்டுத் திட்டத்துக்கு இருபது ஊகங்கள் வேண்டும். அதைவிட எளிய வழி, வரவை ரூபாயிலேயே விட்டுவிட்டு, தள்ளுபடி விகிதத்தை மட்டும் மாற்றுவது. வாங்கும் சக்தி சமநிலைக் கோட்பாடு இதற்குக் கைகொடுக்கிறது: எந்த நாட்டில் விலைவாசி வேகமாக ஏறுகிறதோ, அந்த நாட்டு நாணயம் அந்த வித்தியாசத்தின் அளவுக்கு மதிப்பிழக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். வொன்னில் தள்ளுபடி விகிதம் 10 சதவீதம். பணவீக்கத்துக்கு இரு நாட்டு மத்திய வங்கிகளின் இலக்கையே எடுத்துக்கொள்வோம்: கொரியாவில் 2, இந்தியாவில் 4 சதவீதம்.

1.10 × (1.04 ÷ 1.02) = 1.1216

ஆக, ரூபாய் விகிதம் 12.16 சதவீதம். இரண்டாம் ஆண்டு முடிவில் வரும் 120 கோடி ரூபாயின் இன்றைய மதிப்பு, இந்த விகிதப்படி சுமார் 95.4 கோடி. சுற்றுவழியிலும் இதையே சரிபார்க்கலாம். இன்று ஒரு ரூபாய் 16 வொன் என்றால், இரண்டாண்டில் 15.39 வொன் ஆகும். 120 கோடியை அதில் பெருக்கி, 10 சதவீதத்தில் இரண்டாண்டுக்குத் தள்ளுபடி செய்து, 16-ஆல் வகுத்தாலும் அதே 95.4 கோடிதான். மாறாக, ரூபாய் வரவை வொன்னின் 10 சதவீதத்திலேயே தள்ளுபடி செய்தால் 99.2 கோடி என்று வரும். இல்லாத லாபம் இருப்பதாகத் தோன்றும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ரூபாய் சரிவைக் கழித்து வரவை வொன்னாக்கிவிட்டு, மறுபடியும் 12.16 சதவீதத்தைப் பயன்படுத்தினால் ஒரே இழப்பை இருமுறை கழித்ததாகும். இந்தியாவில் தொழில் செய்வதற்கென்று தனி இடர் இருந்தால், அதையும் இந்தச் சூத்திரம் சேர்ப்பதில்லை. 10 சதவீதத்திலேயே முன்கூட்டிச் சேர்க்க வேண்டும்.

கோட்பாடு ஆண்டுதோறும் பலிக்கும் என்று நம்பவும் கூடாது. 1997 ஆசிய நிதி நெருக்கடியில் டாலருக்குச் சுமார் 900 ஆக இருந்த வொன், சில மாதங்களில் 1,700-ஐயும் தாண்டியது. இந்தியாவில்தான் விலைவாசி வேகமாக ஏறியது. ஆனால் வொன்னுக்கு எதிரே ரூபாய் உயர்ந்தது. இருங்காட்டுக்கோட்டை ஆலை எழுந்துகொண்டிருந்த காலம் அது.

எனவே பத்து, இருபது ஆண்டு ஓடும் ஆலைக்கு இந்த வழி பொருந்தும். அடுத்த ஆண்டு கட்டவேண்டிய கடனுக்கோ இயந்திர விலைக்கோ இதை நம்பக்கூடாது. அதற்கு வங்கியிடம் முன்பேர விகிதத்தை உறுதி செய்துகொள்வதே பாதுகாப்பு.