ஒரே ஷாட், இரண்டு திரை: உங்களுக்குத் தெரியுமா?

கேமராவைக் கிடையாக வைத்து 4கே-யில் எடுத்த காட்சியிலிருந்து ரீலுக்கு நிமிர்ந்த படம் வெட்டினால் எவ்வளவு மிஞ்சும், தெரியுமா? 3840 பிக்சல் அகலத்தில் வெறும் 1215. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உயரம் 2160 அப்படியே இருக்கும். ரீலுக்கும் ஷார்ட்ஸுக்கும் 1080×1920 போதும் என்பதால் தரத்தில் குறை வராது. ஆனால் ஃபுல் எச்டியில் எடுத்துவிட்டு இதே வேலையைச் செய்தால் கிடைக்கும் துண்டின் அகலம் 607 பிக்சல்தான். அதைக் கிட்டத்தட்ட 1.8 மடங்கு இழுத்தால்தான் திரை நிரம்பும். புடவையின் ஜரிகையும் தலைமுடியும் குழைந்துபோய்த் தெரிவதை வைத்தே இப்படி இழுத்த படத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

அந்தத் துண்டு எங்கே விழுகிறது என்று ஷூட்டிங்கின்போதே பார்க்க, பல கேமராக்களின் மெனுவில் 9:16 வழிகாட்டிக் கோடு உண்டு. இல்லையென்றால் மானிட்டரில் டேப் ஒட்டிக்கொள்ளலாம். 7 அங்குல மானிட்டரின் படப்பரப்பு சுமார் 155 மில்லிமீட்டர் அகலம். இரண்டு ஓரத்திலிருந்தும் 53 மில்லிமீட்டர் அளந்து ஒவ்வொரு டேப் ஒட்டினால், நடுவில் மிஞ்சும் 49 மில்லிமீட்டர்தான் ரீல்.

*

பேட்டி எடுப்பவர்கள் ஆளை ஃபிரேமின் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் உட்கார வைப்பது வழக்கம். அந்தக் கோடு, நடுவில் வெட்டும் ரீல் துண்டின் விளிம்புக்கு மயிரிழை வெளியே விழுகிறது. துண்டு தொடங்குவது இடமிருந்து 34.2 சதவீதத்தில், கோடு இருப்பதோ 33.3-இல். மென்பொருளை நடுவில் வெட்டவிட்டால் பாதி முகம்தான் கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் ஒரே கண்ணோடு. துண்டை அவர் பக்கம் நகர்த்தினால் பிரச்சினை தீர்ந்தது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பேசும்போது அவர் முன்னும் பின்னும் ஆடாமல் இருக்க வேண்டும். சுழல் நாற்காலியைப் பேட்டிக்குக் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

*

இரண்டு திரைக்கும் சேர்த்து எடுப்பதில் மிகவும் சிரமம் தருவது எது என்று கேட்டால், பரதநாட்டியம் என்பேன். காரணம் எளிது. மனிதர் நீட்டிய இரு கைகளின் விரிவு ஏறத்தாழ அவருடைய உயரத்துக்குச் சமம். அரைமண்டியில் உட்கார்ந்து கைகளை இருபுறமும் விரித்தவுடன், நிமிர்ந்த உருவம் கிடையான உருவமாகிவிடுகிறது. ரீலுக்குப் பொருந்தாத வடிவம் அது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடனமாடுபவர் 1.6 மீட்டர் உயரம். கை விரிவும் அவ்வளவே. இரண்டு விரல் நுனிகளுக்கும் வெளியே பத்து சென்டிமீட்டர் விட்டால், ரீல் துண்டு 1.8 மீட்டர் அகலத்தைக் காட்ட வேண்டும். 9:16 என்பதால் அதன் உயரம் 3.2 மீட்டர். அதாவது ஆள் நிமிர்ந்து நின்றாலும் ஃபிரேமில் பாதி உயரம்தான். கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் விரல் நுனிகள் வெட்டுப்படும். முத்திரைக்காகவே ஆடும் கலையில் விரல் போனால் என்ன மிச்சம்?

பாதி ஃபிரேம் காலியாகக் கிடக்கிறதே என்று முதலில் மனசு கேட்காது. ஆனால் அந்தக் காலியிடத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ரீல்ஸ் விளம்பரங்களுக்கு மெட்டா தரும் பரிந்துரை, மேலே சுமார் 14 சதவீதத்தையும் கீழே 35 சதவீதத்தையும் பக்கவாட்டில் 6 சதவீதத்தையும் எழுத்தோ முக்கியமான பொருளோ இல்லாமல் விடச் சொல்கிறது. கணக்கின் பெயர், தலைப்பு வரி, பாட்டின் பெயர், பொத்தான்கள் எல்லாம் அங்கேதான் வந்து உட்காரும். நம் 3.2 மீட்டரில் கீழ் 35 சதவீதம் 1.12 மீட்டர், மேல் 14 சதவீதம் 45 சென்டிமீட்டர். நடுவில் மிஞ்சுவது 1.63 மீட்டர். 1.6 மீட்டர் ஆள் அதற்குள் அச்சாக அடங்கிவிடுகிறார். எனவே பாதத்தை ஃபிரேமின் அடியில் வைக்காமல், அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே வைத்து கேமராவைப் பூட்ட வேண்டும். சலங்கை கட்டிய காலின் மேல் தலைப்பு வரி ஓடும் ரீல்களைப் பார்த்திருப்பீர்கள். தட்டடவில் கால் விழும் இடமே தெரியாது.

அகலத்திரைக்கு என்ன ஆகும்? இந்த ஷாட்டை 16:9-இல் முழுதாகக் காட்டினால் 5.7 மீட்டர் அகல மேடையில் ஆள் சின்னதாக, ஃபிரேமில் சற்று மேலே ஏறி நிற்பார். கீழே வெறும் தரை. ஆகவே அகலப்படத்தையும் உள்ளேயிருந்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். பலரும் அகலப்படம்தான் மூலம், ரீல் அதில் வெட்டிய துண்டு என்று நினைத்துத் திட்டமிடுகிறார்கள். இங்கே நேர் எதிர். கேமரா எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதை ரீல் முடிவு செய்கிறது. அகலப்படம் அதற்குள்ளிருந்து வருகிறது.

4கே-யில் எடுத்திருந்தால் இங்கே ஒரு மீட்டருக்கு 675 பிக்சல். அதில் 1920×1080 வெட்டினால் 2.84 மீட்டர் அகலமும் 1.6 மீட்டர் உயரமும் கிடைக்கும். அரைமண்டிக்கு அருமையான ஃபிரேம். நிமிர்ந்து நின்றால் தலை முட்டும், அப்போது கொஞ்சம் பெரிதாக வெட்டிக்கொள்ளலாம். கடைசியில் கைக்கு வருவது ஃபுல் எச்டி அகலப்படம். யூடியூபில் போட அது போதும், அரங்கில் பெரிய திரையில் போட்டுக் காட்டப் போதாது.

*

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஓப்பன் கேட் இருக்கிறது. வழக்கமாக வீடியோ எடுக்கும்போது சென்சாரின் மேலும் கீழும் கொஞ்சத்தை கேமரா எடுத்துக்கொள்ளாது. ஓப்பன் கேட்டில் முழு சென்சாரும் பதிவாகும். ஃப்யூஜிஃபில்ம் எக்ஸ்-எச்2எஸ் கேமராவில் இது 6240×4160, பானசோனிக் எஸ்5 இரண்டாம் மாடலில் 5952×3968. இரண்டுமே 3:2 வடிவம்.

நம் நடனத்துக்கே இதைப் போட்டுப் பார்ப்போம். 3.2 மீட்டர் உயரத்துக்கு 4160 பிக்சல் என்றால் மீட்டருக்கு 1300. ரீல் துண்டு 2340×4160, தேவையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதே ஷாட்டுக்குள் 3840×2160 வெட்டினால் கிட்டத்தட்ட 2.95 மீட்டர் அகலம், 1.66 மீட்டர் உயரம். ஆக, அகலப்படமும் முழு 4கே. ஃப்யூஜியின் இந்த சென்சாரில் 23 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் கேமரா சுமார் 4.7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டியிருக்கும். வீட்டுக் கூடத்தில் அவ்வளவு தூரம் கிடைப்பது அபூர்வம். அதற்காக அகன்ற லென்ஸ் போட்டுக் கிட்டே போனால், கேமராவை நோக்கி நீளும் கை முகத்தைவிடப் பெரிதாகும். சிறிய அறை என்றால் கைவிரிப்பு அடவுகளை ரீலுக்குத் தனியாக ஒருமுறை ஆடச் சொல்லி எடுத்துவிடுவதே நல்லது. எல்லாவற்றையும் ஒரே ஷாட்டில் பிடித்தாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

நடனமாடுபவர் மேடையில் பக்கவாட்டில் நகர்ந்தால், எடிட்டிங்கில் துண்டைக் கூடவே நகர்த்தலாம். இருபுறமும் ஒன்றரை மீட்டர் வரை இடம் இருக்கிறது. ஒவ்வோர் அசைவுக்கும் துரத்தினால் பின்சுவர்தான் ஆடுவது போலிருக்கும். கைகள் விளிம்பைத் தொடும்போது மட்டும் நகர்த்துங்கள்.

*

கேமராவை இடமிருந்து வலமாகத் திருப்பும் பேன் ஷாட், ரீலில் மூன்று மடங்கு வேகமாகத் தோன்றும். அகலத்திரையில் ஒரு தூண் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக ஆறு விநாடி ஆனால், ரீல் துண்டை அது இரண்டு விநாடிக்குள் கடந்துவிடும். கோபுரத்தைக் காட்டுகிறேன் என்று திருப்பியது தலைசுற்றலில் முடியும். மேலிருந்து கீழே இறங்கும் டில்ட் ஷாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் இரண்டு வெட்டிலும் உயரம் ஒன்றே.

*

இருவர் அருகருகே உட்கார்ந்து பேசும் காட்சியை நிமிர்ந்த துண்டுக்குள் அடைக்க முடியாது. அதனால் ஒருவரை மேலே, மற்றவரைக் கீழே அடுக்குகிறார்கள். ஒவ்வொருவருக்கும் 1080×960 பெட்டி. 4கே ஃபிரேமைச் சரிபாதியாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியிலிருந்தும் 1920×1707 அளவில் இதை எடுக்கலாம். எடுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஃபிரேமின் நடுக்கோட்டை யாருடைய முழங்கையும் தாண்டக் கூடாது. தாண்டினால் மேல்பெட்டியின் ஓரத்தில் ஆளில்லாத கை ஒன்று அசைந்துகொண்டிருக்கும்.

*

ஒரே படத்தை இரு வடிவத்துக்கு எடுப்பது புதிய தலைவலி அல்ல. டிவிகள் 4:3-இலிருந்து 16:9-க்கு மாறிய காலத்தில் பிபிசி அகலப்படமாகவே எடுத்து, முக்கியமானதையெல்லாம் 14:9 என்ற இடைப்பட்ட கட்டத்துக்குள் வைக்கச் சொன்னது. பழைய டிவிகளுக்கு அந்தக் கட்டமே, மேலும் கீழும் மெல்லிய கருப்புப் பட்டைகளோடு போனது. அவர்களுக்குச் சுமை குறைவு. 16:9 படத்தில் 4:3 துண்டு நான்கில் மூன்று பங்கு, நமக்கோ மூன்றில் ஒன்றும் தேறாது.

பழைய தொடர்களை அகலத்திரைக்கு மாற்றியவர்கள் இரண்டு விதமாகவும் மாட்டிக்கொண்டார்கள். 2021-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'சைன்ஃபெல்ட்' தொடரில் 16:9-க்காக மேலும் கீழும் வெட்டியதில், சாலைப் பள்ளத்தைப் பற்றிய ஓர் அத்தியாயத்தின் ஒரு காட்சியில் அந்தப் பள்ளமே ஃபிரேமுக்கு வெளியே போய்விட்டது. ஒருவர் தரையைப் பார்த்து நிற்கிறார், எதைப் பார்க்கிறார் என்று நமக்குத் தெரியாது. 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' தொடரில் நடந்தது இதற்கு மறுதலை. ஒளிபரப்பில் காட்டாமல் விட்ட ஓரங்களைத் திறந்ததும், சில காட்சிகளில் படப்பிடிப்புக் குழுவினரும் கருவிகளும் தெரிந்தார்கள்.

இன்றைக்கும் ரீல் துண்டை மட்டும் பார்த்துக்கொண்டு எடுப்பவருக்கு வருவது இந்த இரண்டாவது வகை. லைட் ஸ்டாண்டின் கால், தண்ணீர் பாட்டில், நட்டுவாங்கம் செய்பவரின் செல்போன் சார்ஜர் எல்லாம் டேப்புக்கு வெளியே பத்திரமாக இருக்கும், அகலப்படம் வெட்ட உட்காரும் நாள்வரை. ரெக்கார்டை அழுத்துவதற்கு முன்பு டேப்புக்கு வெளியே இருக்கும் அந்த இரண்டு 53 மில்லிமீட்டர்களையும் தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள்.