துபாய் கூரையை ஒரகடத்துக்குக் கொண்டு வரலாமா?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. ஒரகடம் பக்கம் கேட்டட் கம்யூனிட்டில வில்லா வாங்கின ஒருத்தர். வேலை அங்கேயே ஒரு கார் ஃபேக்டரில. அவர் கேள்வி இதுதான்: "மேல் மாடி பெட்ரூம்ல ராத்திரி 11 மணிக்கு ஃபேனைப் போட்டா அனலா இறங்குது. துபாய்ல இருக்கிற அண்ணன், 'அங்க மாதிரி 100 மில்லிமீட்டர் இன்சுலேஷன் போட்டுடு'ன்னு சொல்றார். இங்க இருக்கிற கான்ட்ராக்டர், 'ஒயிட் கூலிங் டைல்ஸ் போதும் சார்'ங்கிறார். யார் சொல்றது சரி?"

ரெண்டு பேரும் பாதி சரி. எந்தப் பாதி யாருடையதுன்னு பார்க்கத்தான் இந்த எபிசோட். இதுக்காக எங்க சித்தப்பாகிட்ட பேசினேன். வளைகுடா நாடுகள்ல பல வருஷம் வாட்டர்ப்ரூஃபிங் ஃபோர்மேனா இருந்தவர்.

ராத்திரி ஏன் சுடுது?

கான்கிரீட் ஸ்லாப் வெயிலைத் தடுக்காது, வாங்கி வெச்சுக்கும். பகல் முழுக்கச் சூடேறி, சாயங்காலத்துக்கு மேல அந்தச் சூட்டைக் கீழே விடும். பாலைவனத்துலயும் இதேதான் நடக்கும். ஆனா ராஜஸ்தான் மாதிரி வறண்ட இடத்துல ராத்திரி வானம் தெளிவா இருக்கும், காத்துல ஈரம் கிடையாது. அதனால ஸ்லாப் தன் சூட்டை வானத்துக்கே வேகமா அனுப்பி ஆறிடும். நம்ம ஊர் மே மாசத்துல அந்த வசதி குறைவு. ராத்திரியும் வெளியே 27, 28 டிகிரி, மேல ஈரப்பதம் வேற. ஸ்லாப் முழுசா ஆறுறதுக்குள்ள அடுத்த சூரியன் வந்துடுது.

அதனால சூடு ஸ்லாப்புக்குள்ள போன பிறகு தடுத்து அவ்வளவா பிரயோஜனம் இல்லை. அறைக்குள்ள ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதுக்கு மேல கண்ணாடி இழை விரிப்பு வெச்சா ஃபேன் காத்து கொஞ்சம் குளிரும், உண்மைதான். ஆனா மேல இருக்கிற ஸ்லாப் முன்னைவிட அதிகமாவே சூடாகும். கான்கிரீட் சூட்டுல நீளும். 10 மீட்டர் நீள ஸ்லாப் 30 டிகிரி சூடேறினா சுமார் 3 மில்லிமீட்டர் நீளுது, ராத்திரி திரும்பச் சுருங்குது. கீழே இருக்கிற செங்கல் சுவர் அதே அளவுக்கு அசையாது. மேல் மாடில மட்டும் சீலிங்குக்குக் கொஞ்சம் கீழே, சுவர்ல படுக்கைவாட்டுல ஒரு விரிசல் பார்த்திருப்பீங்க. பெயின்டர் வருஷா வருஷம் பட்டி பூசுவார், அது வருஷா வருஷம் திரும்ப வரும். பெரும்பாலும் காரணம் இந்த அசைவுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

சூத்திரம் ஒண்ணே ஒண்ணுதான்: `Q = U × A × ΔT`. கூரை வழியா உள்ளே வர்ற சூடு `Q`. கூரை எவ்வளவு சூட்டை விடுதுங்கிறது `U`, பரப்பளவு `A`, ரெண்டு பக்கத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் `ΔT`.

100 சதுர மீட்டர் மொட்டை மாடின்னு வெச்சுக்குவோம், ஆயிரத்துச் சொச்சம் சதுர அடி. 150 மில்லிமீட்டர் ஸ்லாப், மேல நம்ம ஊர் வழக்கப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி, அதுக்கு மேல தட்டோடு. இதோட `U` சுமார் 2.2. மே மாசம் மத்தியானம் வெளியே 38 டிகிரி. ஆனா தட்டோடு வெயிலையும் சேர்த்து வாங்குறதால கூரைக்கு அது 61 டிகிரி மாதிரி. உள்ளே ஏசி 28-ல ஓடுது. வித்தியாசம் 33. பெருக்கினா சுமார் 7,300 வாட். ஒரு டன் ஏசி எடுக்கிற சூடு சுமார் 3,500 வாட். அதாவது ரெண்டு டன் ஏசி கூரைக்காகவே ஓடணும். ஸ்லாப் சூட்டைத் தாமதமா விடுறதால நிஜத்துல உச்சம் கொஞ்சம் குறைஞ்சு, மாலைக்குத் தள்ளிப்போகும். ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் கணக்கு போதும்.

இப்ப கான்ட்ராக்டர் சொன்ன மாதிரி வெள்ளை மட்டும் அடிப்போம். வெயில்ல பெரும்பகுதி திரும்பிப் போகுது, வித்தியாசம் 33-லேருந்து 16-க்கு இறங்குது. 7,300 வாட் 3,500 ஆகுது. செலவைப் பார்த்தா பிரமாதம்.

வெள்ளை இல்லாம, சுருக்கிக்குப் பதிலா 50 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ். பலகை போடுவோம். `U` 0.47-க்கு வருது, சூடு 1,550 வாட். அண்ணன் சொன்ன 100 மில்லிமீட்டர் போட்டா 870. அதே 50 மில்லிமீட்டருக்கு மேல வெள்ளைத் தளம் போட்டா 750.

இங்க கொஞ்சம் நில்லுங்க. முதல் 50 மில்லிமீட்டர் ஏறக்குறைய 5,700 வாட்டை வெட்டுது. ரெண்டாவது 50 வெட்டுறது வெறும் 680. அந்த ரெண்டாவது 50 செய்யுற வேலையை மேல இருக்கிற வெள்ளை நிறமே செஞ்சுடுது. அப்ப துபாய்ல ஏன் அவ்வளவு தடி? அங்க பசுமைக் கட்டட விதிப்படி கூரையோட `U` 0.3-க்கு மேல போகக் கூடாது. மாசக்கணக்கா 40 டிகிரியைத் தாண்டுற ஊர், ஏசி நிக்கவே நிக்காது, அதனால அங்க அது கட்டுபடியாகும். நம்ம நாட்டுல வீடுகளுக்கான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018 வெச்சிருக்கிற வரம்பு 1.2. சுருக்கி மட்டும் போட்ட கூரை அந்த வரம்புக்குள்ளேயே வரலை, கவனிச்சுக்குங்க.

எது மேல, எது கீழ?

துபாய்லேருந்து நாம எடுத்துக்க வேண்டியது தடிமனை இல்லை, அடுக்கு வரிசையை. தலைகீழ்க் கூரைன்னு சொல்வாங்க. வாட்டர்ப்ரூஃபிங்தான் எல்லாத்துக்கும் மேல இருக்கணும்னு நமக்குத் தோணும். இங்க அது இன்சுலேஷனுக்குக் கீழே போகுது. சித்தப்பா சொன்னதை அப்படியே போடுறேன்:

"வெயில்ல கெடாத வாட்டர்ப்ரூஃபிங் எதுவும் கிடையாதுடா. அதை மேல விட்டா அஞ்சாறு வருஷத்துல வெடிச்சிடும். பலகைக்குக் கீழே ஒளிச்சு வை, அது வீடு இருக்கிற வரைக்கும் இருக்கும்."

கீழேருந்து மேல வருவோம். முதல்ல ஸ்லாப். அதுக்கு மேல 100-க்கு 1 சரிவுல சாந்துத் தளம், தண்ணி குழாய்ப் பக்கம் ஓடுறதுக்கு. அதுக்கு மேல வாட்டர்ப்ரூஃபிங். இது கைப்பிடிச் சுவர்லயும் ஏறணும். முடிஞ்ச தளத்துக்கு மேல குறைஞ்சது 150 மில்லிமீட்டர் தெரியணும். இப்ப குழாய் வாயை அடைச்சு 48 மணி நேரம் தண்ணி கட்டிப் பாருங்க. கீழே ஈரம் தெரியலைன்னா மட்டும்தான் அடுத்த அடுக்கு. பலகையை மூடின பிறகு ஒழுக்கு வந்தா, எங்கேன்னு தேட எல்லாத்தையும் பெயர்க்கணும்.

அடுத்தது எக்ஸ்.பி.எஸ். பலகை, ஒண்ணோட விளிம்பு இன்னொண்ணு மேல ஏறி உட்கார்ற மாதிரி. இதுக்குப் பதிலா விலை குறைவுன்னு சாதா தெர்மாகோல் போட ஒத்துக்காதீங்க. பார்க்க ரெண்டும் ஒண்ணுதான், ஆனா தெர்மாகோல் மணிகளுக்கு நடுவுல தண்ணி புகும். மழைத் தண்ணி பலகைக்குக் கீழேயும் ஓடுற கூரை இது. நனைஞ்ச இன்சுலேஷன் இன்சுலேஷனே இல்லை. பெட்ரோல் வாசனை வர்ற பசையும் கூடாது, பலகையைக் கரைச்சிடும். அதுக்கு மேல ஜியோடெக்ஸ்டைல்னு ஒரு துணி. சிமென்ட் பால் இணைப்புகள்ல இறங்காம அது தடுக்கும். அதுக்கு மேல 50 மில்லிமீட்டர் கான்கிரீட் தளம், கடைசியா வெள்ளை டைல்ஸ்.

பாலைவனத்துல இல்லாத பிரச்சினை

அந்த 50 மில்லிமீட்டர் கான்கிரீட் நடக்கிறதுக்கு மட்டும் இல்லை. எக்ஸ்.பி.எஸ். தண்ணில மிதக்கும். 2015 டிசம்பர் 1-ம் தேதி மழைல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் கொட்டுச்சு. ஒரு அரச இலை குழாய் வாயை அடைச்சாலே மாடி குளமாகிற மழை. 50 மில்லிமீட்டர் பலகை முழுகினா ஒரு சதுர மீட்டரை ஏறக்குறைய 48 கிலோ விசை மேலே தள்ளும். மேல 110 கிலோ கான்கிரீட் உட்கார்ந்திருந்தா அசையாது. பழைய கூரையா இருந்தா, சுருக்கியை எடுத்துட்டு இதைப் போடுங்க, பாரம் கிட்டத்தட்ட அதே அளவுதான் வரும். சுருக்கிக்கு மேலேயே ஏத்துறதா இருந்தா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொல்லாம வேண்டாம்.

இன்னொரு விஷயம். கீழே இன்சுலேஷன் இருக்கிறதால மேல் தளத்தோட சூடு கீழே இறங்க வழி இல்லை. அதனால டைல்ஸ் முன்னைவிட அதிகமாச் சூடாகி அதிகமா நீளும். இடமே விடாம ஒட்டினா, ஒரு மே மாசம் மத்தியானம் நடுவுல கூடாரம் மாதிரி தூக்கிக்கும். கான்கிரீட்டை 2, 3 மீட்டர் கட்டங்களாப் பிரிச்சு, அதே கோட்டுல டைல்ஸ்லயும் இடைவெளி விட்டு, ரப்பர் மாதிரி நெகிழ்ற சீலன்ட்டால நிரப்பணும். கைப்பிடிச் சுவரை ஒட்டியும் ஒரு இடைவெளி வேணும்.

வெள்ளையும் நிலையா இருக்காது. ஒரகடம் ரோட்டுல ஓடுற கன்டெய்னர் லாரித் தூசி, மழைக்கு அப்புறம் பாசி. ரெண்டும் சேர்ந்தா பெயின்ட் சீக்கிரமே சாம்பல் நிறமாகும். டைல்ஸா இருந்தா தேய்ச்சுக் கழுவிடலாம். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, பிப்ரவரி கடைசில ஒரு தடவை கழுவுங்க.

அப்ப நீங்க என்ன செய்யணும்?

மேல் மாடில ஏசி தினமும் ஓடுதுன்னா 50 மில்லிமீட்டர் எக்ஸ்.பி.எஸ்., மேல வெள்ளைத் தளம். 100 வேண்டாம். மிச்சமாகிற காசை மேற்கு ஜன்னலுக்கு நிழல் போடச் செலவு பண்ணுங்க. ஏசியே இல்லைன்னா வெள்ளையிலேருந்து ஆரம்பிங்க. ஏன்னா இன்சுலேஷன் வீட்டைக் குளிர்விக்காது, சூடு நகர்றதை மட்டும்தான் தடுக்கும். ஜன்னல் வழியா வந்த சூடு ராத்திரி கூரை வழியா வெளியே போறதையும் அது சேர்த்தே தடுக்கும். அந்த வீட்டுல ராத்திரி ஜன்னலைத் திறந்து வெச்சே ஆகணும்.

வேலை ஒழுங்கா நடந்துச்சான்னு பார்க்க, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒண்ணு இரவல் வாங்குங்க. ராத்திரி 9 மணிக்கு சீலிங்கையும், அதே அறைல உள் சுவரையும் குறி வெச்சுப் பாருங்க. ரெண்டுக்கும் ஒண்ணு ரெண்டு டிகிரிதான் வித்தியாசம்னா கூரை நல்லா வேலை செய்யுது. சீலிங்ல ஒரு மூலை மட்டும் தனியாச் சுட்டா, அங்க பலகை விட்டுப்போயிருக்கும். கடைசி பேமென்ட் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சுடுங்க.

அடுத்த எபிசோட்ல அந்த மேற்கு ஜன்னல். கேள்விகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. மாடி எத்தனை சதுர அடி, மேல இப்ப என்ன போட்டிருக்குன்னு சேர்த்துச் சொன்னா, உங்க கணக்கையே போட்டுப் பார்த்துடலாம்.