வங்கிக் கணக்கு ஒன்று சொல்லும், ஆப் கணக்கு வேறு சொல்லும்

ஆன்லைன் ரம்மியில் ஜெயித்த பணத்துக்கு ஆப் நிறுவனமே வரி பிடித்துவிட்டது, இனி நமக்கென்ன என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பிறகு வருமான வரித் துறையிடமிருந்து நோட்டீஸ் வருகிறது: நீங்கள் காட்டிய வருமானமும் எங்களிடம் உள்ள தகவலும் பொருந்தவில்லை. உடனே வங்கி பாஸ்புக்கைப் புரட்டிப் பதில் எழுதுவதுதான் இங்கே வழக்கமான தவறு.

2023 ஏப்ரல் முதல், 194பிஏ பிரிவின்படி, நிகர வெற்றித் தொகையில் 30 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தார்கள். பணத்தை எடுக்கும்போது ஒரு கணக்கு. வாலட்டில் மிச்சம் கிடந்தால் மார்ச் 31 அன்று இன்னொரு கணக்கு.

ஒருவர் 2024-25 நிதியாண்டைத் தொடங்கும்போது அவர் வாலட்டில் 2,000 ரூபாய் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் 60,000 போட்டார். கடைசியில் ஒரே தடவையாக 72,000 எடுத்தார். போட்டதையும் பழைய இருப்பையும் கழித்தால் 10,000 வெற்றி. அதற்கு 3,000 வரி போக, வங்கிக்கு வந்தது 69,000. மார்ச் 31 அன்று வாலட்டில் 5,000 கிடந்தது. அதுவும் வெற்றிதான், அவர் எடுக்காவிட்டாலும்! அதற்கு 1,500 பிடித்தார்கள். ஆக, நிகர வெற்றி 15,000, பிடித்த வரி 4,500. அவரோ பாஸ்புக்கில் 69,000 வரவு, 60,000 செலவு பார்த்து 9,000 என்று ரிட்டர்னில் எழுதினார். நோட்டீஸ் வந்தது இப்படித்தான்.

ஆகவே முதலில் ஆப்பிலிருந்து அந்த நிதியாண்டின் அறிக்கையையும் படிவம் 16ஏ-வையும் எடுங்கள். தொடக்க இருப்பு, போட்டது, எடுத்தது, முடிவு இருப்பு என நான்கையும் நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள். பிறகு 26ஏஎஸ், ஏ.ஐ.எஸ். இரண்டிலும் உள்ள தொகையோடு ஒப்பிடுங்கள். அங்கே ஆப் பெயருக்குப் பதிலாக அதை நடத்தும் கம்பெனியின் பதிவுப் பெயர் இருக்கலாம். ‘இது யாரென்றே தெரியாது’ என்று பதில் போட்டுவிடாதீர்கள்.

அறிக்கையும் ஏ.ஐ.எஸ்.ஸும் ஒத்துப்போனால் தவறு உங்கள் ரிட்டர்னில்தான். ஒப்புக்கொண்டு திருத்துங்கள். செஸ் சேர்த்தால் வரி 31.2 சதவீதம், மேலே சொன்னவர் 4,680 கட்ட வேண்டும், எனவே 180 ரூபாய் பாக்கி, வட்டி இருந்தால் தனி. இன்னொரு ஆப்பில் தோற்ற பணத்தை இதில் கழிக்க முடியாது. மாறாக ஏ.ஐ.எஸ். தொகை தவறென்றால், அதே தளத்தில் மறுப்பைப் பதிவுசெய்து, டி.டி.எஸ். கணக்கைத் திருத்தும்படி கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி, அறிக்கையை இணைத்துப் பதில் கொடுங்கள்.

2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்தது. ஆனால் பழைய ஆண்டுகளின் வரிக் கணக்கு அதனால் மறைந்துவிடாது. லாகின் இன்னும் வேலை செய்கிறதென்றால், நோட்டீஸுக்காகக் காத்திராமல் அறிக்கைகளை இன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.