அணுக்கள் நெருங்கும்போது வேகம் கூடுமா, குறையுமா?

உயர்நிலைப் பள்ளி வேதியியல் பாடத்திற்காகத் தயாரிக்கப்படும் அசைவூட்டப் படங்களில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்து ஒரு மூலக்கூறாகும் காட்சி பெரும்பாலும் ஒரே விதமாகவே அமைகிறது: திரையின் இரு ஓரங்களிலிருந்து இரண்டு உருண்டைகள் புறப்பட்டு வந்து, நடுவில் நெருங்கும்போது வேகம் தணிந்து, மெல்லத் தொட்டு நின்றுவிடுகின்றன. இந்த மென்மையான நிறுத்தம் வேதியியலிலிருந்து வந்ததன்று. அசைவூட்ட மென்பொருள்கள் ஒரு பொருளைத் தொடக்க இடத்திலிருந்து முடிவிடத்திற்கு நகர்த்தும்போது, கண்ணுக்கு இதமாக இருக்கும் பொருட்டு, புறப்படும்போதும் சேரும்போதும் வேகத்தைத் தணித்துக் காட்டும் வழக்கத்திலிருந்து வந்தது. உண்மையில் பிணைப்பு உண்டாகும் தறுவாயில் ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால், நெருங்க நெருங்க அவற்றின் வேகம் கூடுகிறது. ஆகவே அந்தப் படத்தைப் பார்க்கும் மாணவர், ஈர்ப்பு என்னும் சொல்லைக் காதால் கேட்டுக்கொண்டே, ஈர்ப்பு இல்லாத ஓர் இயக்கத்தைக் கண்ணால் கற்றுக்கொள்கிறார்.

வேகம் எவ்வளவு கூடுகிறது என்பதைக் கணக்கிட முடியும். அறை வெப்பநிலையில் தனித்த ஒரு ஹைட்ரஜன் அணு சராசரியாக வினாடிக்கு 2.5 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். இரண்டு அணுக்கள் எதிரெதிராக வந்து, பிணைப்பு நீளம் எனப்படும் 74 பிக்கோமீட்டர் இடைவெளியை அடையும் கணத்தில் ஒவ்வொன்றின் வேகமும் வினாடிக்கு ஏறத்தாழ 21 கிலோமீட்டர் ஆகியிருக்கும்; ஒரு பிக்கோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த இடைவெளியில்தான் அணுக்களின் நிலையாற்றல், அதாவது அவை இருக்கும் நிலையைப் பொறுத்து அவற்றிடம் அமைந்திருக்கும் ஆற்றல், மிகக் குறைவாக இருக்கிறது. குறைந்த அளவு முழுவதும் இயக்க ஆற்றலாக, அதாவது வேகமாக, மாறிவிட்டது. எனவே பிணைப்பு நீளத்தில் அணுக்கள் நிற்பதில்லை. அந்த இடத்தை அவை மிகுந்த வேகத்தோடு கடக்கின்றன. கடந்த பின் அணுக்கருக்களின் விலக்கு விசை மேலோங்குகிறது, ஏறத்தாழ 38 பிக்கோமீட்டர் இடைவெளியில் அணுக்கள் ஒரு கணம் நின்று, வந்த வழியே திரும்புகின்றன.

இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு வளைகோடாக எழுதித் தந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ஃபிலிப் மோர்ஸ். 1929ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சமன்பாட்டில் மூன்று எண்களே தேவைப்படுகின்றன: பள்ளத்தின் ஆழம், பள்ளத்தின் அடி அமைந்துள்ள இடைவெளி, பள்ளத்தின் சுவர் எவ்வளவு செங்குத்தானது என்னும் அளவு. கிண்ணத்தின் விளிம்பிலிருந்து உருட்டிவிடப்பட்ட கோலிக்குண்டு அடியில் விரைந்து, எதிர்ச்சுவரில் ஏறித் திரும்புவதைப் போன்றதே அணுக்களின் இயக்கமும். ஆனால் இந்தக் கிண்ணத்தின் ஒரு சுவர் செங்குத்தாகவும் மறு சுவர் நீண்டு சரிந்து சமதளத்தோடு கலப்பதாகவும் இருக்கும். அசைவூட்டத்திற்குத் தேவையான இயற்பியல் முழுவதும் நான்கு வரி நிரலில் அடங்கிவிடுகிறது.

```
e = Math.exp(-a * (r - re));
F = -2 * D * a * e * (1 - e);
v += F / mu * dt;
r += v * dt;
```

இங்கே `r` என்பது இரு அணுக்கருக்களுக்கும் இடையிலுள்ள தொலைவு, `re` பிணைப்பு நீளம், `D` பள்ளத்தின் ஆழம், `a` சுவரின் செங்குத்து அளவு, `F` விசை, `v` இடைவெளி மாறும் வேகம். ஒரு பிக்கோமீட்டருக்கு இரண்டு பிக்சல் என்று அளவு வைத்துக்கொண்டால் `re` 148 பிக்சல் ஆகும். ஹைட்ரஜனுக்கு உரிய `a` அப்போது 0.0097. ஆழத்தை 1 என்று வைத்துக்கொள்ளலாம். `mu` என்பது இரு அணுக்களின் நிறையையும் சேர்த்துக் குறிக்கும் எண், அதை 0.00275 என்று தேர்ந்தால், வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் மூலக்கூறின் ஒரு சிறு அதிர்வு சரியாக ஒரு வினாடி நீடிக்கும். உண்மையான ஹைட்ரஜன் மூலக்கூறில் அதே அதிர்வு 7.6 ஃபெம்டோ வினாடியில் முடிந்துவிடுகிறது. ஆகவே இந்தப் படம் இயற்கையை ஏறத்தாழ 130 லட்சம் கோடி மடங்கு மெதுவாக்கிக் காட்டுகிறது. இந்த எண்ணைத் திரையின் ஓரத்தில் எழுதி வைப்பது நல்லது, ஏனெனில் மாணவர்கள் திரையில் காணும் வேகத்தையே அணுவின் வேகமாக எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு ஃபிரேமுக்குப் பத்துப் படிகள் என்ற கணக்கில் `dt` 0.1 ஆக இருக்க, 900 பிக்சல் இடைவெளியிலிருந்து, ஃபிரேமுக்கு 3.2 பிக்சல் நெருங்கும் வேகத்தில் அணுக்களைப் புறப்படச் செய்தால், அது அறை வெப்பநிலையின் வேகத்திற்கு ஒத்ததாக இருக்கும். முதல் 300 பிக்சலைக் கடக்க மூன்று வினாடிக்கு மேல் ஆகிறது, அதுவரை ஏதும் நிகழாதது போலவே தோன்றும். அடுத்த 450 பிக்சலோ இரண்டு வினாடிக்குள் முடிந்துவிடுகிறது, அதன் கடைசிப் பகுதி கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துபோகிறது. படம் தயாரிப்பவருக்கு இந்தத் திடீர் விரைவு அழகற்றதாகத் தோன்றி, அதைச் சமப்படுத்தும் ஆசை எழக்கூடும். அந்த ஆசைக்கு இடங்கொடுக்கக் கூடாது, ஏனெனில் பிணைப்பாற்றல் என்று பாடநூல் சொல்லும் எண் முழுவதும் அந்த விரைவில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

நிரலின் கடைசி இரண்டு வரிகளின் வரிசையும் பொருட்படுத்தத் தக்கது. இடைவெளியை முதலில் மாற்றிவிட்டு, பழைய விசையைக் கொண்டு வேகத்தைப் பின்னர் மாற்றினால், ஒவ்வொரு படியிலும் சிறிதளவு ஆற்றல் எங்கிருந்தோ சேர்ந்துகொண்டே போகும். ஓர் அதிர்வுக்கு ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஆற்றல் கூடி, அதிர்வு அகன்று அகன்று, எந்தக் காரணமும் இன்றி மூலக்கூறு தானாக உடைந்துவிடும். இயக்க ஆற்றலையும் நிலையாற்றலையும் கூட்டித் திரையில் ஓர் எண்ணாகக் காட்டி வைத்தால் இந்தப் பிழை உடனே வெளிப்படும், ஏனெனில் புறத்திலிருந்து எதுவும் தொடாதவரை அந்தக் கூட்டுத்தொகை மாறக் கூடாது.

சரியாக எழுதப்பட்ட நிரலை ஓடவிட்டால், படம் தயாரிப்பவர் எதிர்பாராத ஒன்று நிகழ்கிறது: இரண்டு அணுக்களும் விரைந்து வந்து, மிக அருகில் நெருங்கி, திரும்பி, முன்பு வந்த அதே வேகத்தில் பிரிந்துபோய்விடுகின்றன. பிணைப்பு உண்டாகவில்லை. இது நிரலின் குறையன்று. வெற்றிடத்தில் சந்திக்கும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்கும் ஏறத்தாழ இதுவே நேர்கிறது. பள்ளத்தில் விழும்போது பெற்ற ஆற்றல் அவற்றிடமே இருப்பதால், மறுபடியும் பள்ளத்தை விட்டு ஏறி வெளியேற அது போதுமானது. அந்த ஆற்றலை மூன்றாவதாக ஒன்று வாங்கிக்கொண்டால்தான் அவை பள்ளத்திற்குள் தங்கும். அருகில் மோதும் வேறொரு அணுவோ, ஓர் உலோகப் பரப்போ, விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் மிதக்கும் தூசித் துகளோ அந்த மூன்றாவது பொருளாக அமைகிறது. 1920களில் வேதியியலாளர் இர்விங் லாங்மூர் உருவாக்கிய அணு ஹைட்ரஜன் பற்றவைப்பு முறை இதையே பயன்படுத்தியது: டங்ஸ்டன் மின்முனைகளுக்கு இடையிலான மின்வில்லில் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் அணுக்களாகப் பிரிந்து, பற்றவைக்க வேண்டிய உலோகத்தின் பரப்பில் மீண்டும் சேர்ந்தபோது, அவை விட்ட ஆற்றல் அந்த உலோகத்தையே உருக்கியது.

ஆகவே பாடத்திற்கான காட்சியில் திரையின் அடிப்பகுதியில் உலோக அணுக்களின் ஒரு வரிசையை வரைந்து, ஹைட்ரஜன் அணுக்கள் அதனருகே சந்திப்பதாக அமைப்பது பொருத்தமானது. அணுக்கள் பரப்பைத் தொட்டிருக்கும் வரை, ஒவ்வொரு ஃபிரேமிலும் வேகத்தை 0.97ஆல் பெருக்கினால், அதிர்வு நான்கு வினாடி அளவில் தணிந்துவிடும். ஆனால் வேகத்தை மட்டும் குறைத்துவிட்டு நிறுத்தினால் ஆற்றல் மாயமாக மறைந்துவிட்டதாகவே மாணவர் எண்ணுவார். குறைக்கப்பட்ட அளவு ஆற்றல் உலோக அணுக்களின் நடுக்கமாக உடனுக்குடன் தென்பட வேண்டும். ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் உண்டாகும்போது 436 கிலோஜூல் வெளியேறுகிறது என்னும் பாடநூல் வாக்கியத்தில், வெளியேறுதல் என்ற சொல் குறிப்பது இந்த நடுக்கத்தைத்தான்.

தணிவிப்பதை எங்கே நிறுத்துவது என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. குவாண்டம் விதிகளின்படி மூலக்கூறின் அதிர்வு ஒருபோதும் முழுமையாக ஓய்வதில்லை. மிகக் குறைந்த ஆற்றல் நிலையிலும் ஹைட்ரஜனின் பிணைப்பு, மோர்ஸ் வளைகோட்டில் அளந்து பார்த்தால், ஏறத்தாழ 63 முதல் 88 பிக்கோமீட்டர் வரை நீண்டும் சுருங்கியும் கொண்டிருப்பதாகக் கொள்ளலாம். திரையில் அது 126 முதல் 176 பிக்சல் வரை, கண்ணுக்கு நன்றாகவே தெரியும் அசைவு. சகப்பிணைப்பை, அதாவது இரு அணுக்கள் எலக்ட்ரான் இணையைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பை, இரண்டு உருண்டைகளைக் கோக்கும் விறைப்பான குச்சியாக வரைந்து பழகிய கைக்கு இதை அப்படியே விட்டுவைப்பது கடினமாக இருக்கலாம். எனினும் அதிர்வை விட்டுவைப்பதே முறை.

உருண்டைகளின் அளவைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டியுள்ளது. பிணையாத ஹைட்ரஜன் அணுவின் எல்லையாகக் கொள்ளப்படும் ஆரம் ஏறத்தாழ 120 பிக்கோமீட்டர், அதாவது 240 பிக்சல். பிணைந்த நிலையில் மையங்களுக்கு இடையே இருப்பதோ 148 பிக்சல் மட்டுமே. எனவே அவை தொட்டுக்கொண்டு நிற்கும் கெட்டிப் பந்துகளாக இருக்க இயலாது. ஒளி ஊடுருவும் வட்டங்களாக வரைந்து, ஒன்றுக்குள் ஒன்று ஆழமாகப் புகுவதையும், இரு கருக்களுக்கு இடையே எலக்ட்ரான் முகில் அடர்வதையும் நிறத்தின் செறிவால் காட்ட வேண்டும். அந்த அடர்ந்த முகிலே இரு கருக்களையும் இழுத்துப் பிடிக்கிறது. முகிலுக்குப் பதிலாகச் சுற்றிவரும் இரண்டு புள்ளிகளை வரைந்தால், எலக்ட்ரானுக்கு ஒரு பாதை உண்டு என்ற தவறான எண்ணம் பதிந்துவிடும்.

இந்தப் படத்தால் காட்ட முடியாத ஒன்றும் உண்டு. 1927இல் இயற்பியலாளர்களான ஹைட்லரும் லண்டனும் குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு ஹைட்ரஜன் பிணைப்பை விளக்கியபோது, இரு எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் எதிரெதிராக அமைந்தால்தான் ஈர்ப்பு உண்டாகும் என்பதும், ஒரே பக்கமாக அமைந்தால் அணுக்கள் விலகிச் செல்லும் என்பதும் தெளிவாயிற்று. தற்செயலாகச் சந்திக்கும் நான்கு இணைகளில் மூன்று இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. பள்ளமே இல்லாத ஒரு சரிவில்தான் அவை நகர்கின்றன. மேல்நிலை வகுப்பினருக்கு அந்தச் சரிவையும் தனியாக ஓட்டிக் காட்டலாம்.

பிணைப்பு உடையும் காட்சிக்குப் புதிய நிரல் எதுவும் வேண்டியதில்லை. பள்ளத்தின் அடியில் இருக்கும் மூலக்கூறுக்கு உலோகப் பரப்பிலிருந்து ஆற்றலைத் திரும்பக் கொடுத்தால் அதிர்வு அகன்று, அணுக்கள் வெளியேறும். வெளியேறும்போது அவை வெடித்துச் சிதறுவதில்லை, தொலைவு கூடக்கூட வேகம் குறைந்து, மிகத் தயங்கியே பிரிகின்றன. பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவரும் என்று தவறாக எண்ணும் மாணவர்கள் உலகெங்கும் உள்ளனர். படத்தை 300 பிக்சல் இடைவெளியில் நிறுத்தி, அடுத்த ஃபிரேமில் அணுக்கள் இப்போதையதைவிட விரைவாகச் செல்லுமா மெதுவாகச் செல்லுமா என்று, சேரும் காட்சியில் ஒரு முறையும் பிரியும் காட்சியில் ஒரு முறையும் ஆசிரியர் கேட்டால், அந்த எண்ணம் யாரிடம் இருக்கிறது என்பது இரண்டு விடைகளிலிருந்தே தெரிந்துவிடும்.