புதன் மாலை நான்கு மணிக்குள்

ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் பால் நிறுவனம், விவசாயிகளுக்குத் தரும் கொள்முதல் விலையில் லிட்டருக்கு 3 ரூபாயைச் சொல்லாமல் கொள்ளாமல் குறைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வார இதழ் நிருபர் ஒருவரிடம் அதற்கான ரசீதுகள் இருக்கின்றன. நிறுவனத்தின் தரப்பு மட்டும் கையில் இல்லை. அதற்காக அவர் இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம்: "உங்கள் நிறுவனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். எம்.டி.யிடம் பேச வேண்டும். சீக்கிரம் ஏற்பாடு செய்யவும்."

இதற்குப் பெரும்பாலும் பதில் வராது. செய்தித் தொடர்பாளருக்கு மனமில்லை என்பதல்ல காரணம். அவர் தானாக எதையும் முடிவுசெய்ய முடியாது. கொள்முதல் மேலாளரிடம் விவரம் கேட்க வேண்டும், சட்டப் பிரிவிடம் காட்ட வேண்டும், பிறகு எம்.டி.யின் ஒப்புதலை வாங்க வேண்டும். "எதைப் பற்றி, எவ்வளவு நேரம், எப்போதைக்குள்?" என்று மூவருமே கேட்பார்கள். பதில் அந்த மின்னஞ்சலிலேயே இருந்தால் அவர் அதை அப்படியே அனுப்பிவிடுவார். இல்லாவிட்டால் அது அவருடைய இன்பாக்ஸிலேயே கிடக்கும்.

அதே நிருபர் திங்கள் காலை இப்படி எழுதினால் கதை வேறு.

தலைப்பு: பேட்டி கோரிக்கை – பால் கொள்முதல் விலைக் குறைப்பு – புதன் மாலை 4 மணிக்குள்

"வணக்கம். உங்கள் நிறுவனம் பசும்பால் கொள்முதல் விலையில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்திருப்பதாகவும், முன்னறிவிப்பு தரவில்லை என்றும் விவசாயிகள் சொல்கிறார்கள். அவர்களின் கடைசி இரண்டு பட்டுவாடா ரசீதுகளைப் பார்த்திருக்கிறேன். குறைப்புக்கான காரணம், அறிவித்த முறை, விலை மீண்டும் உயருமா என்பது குறித்து, கொள்முதலுக்குப் பொறுப்பான அதிகாரியிடம் 20 நிமிடம் தொலைபேசியில் பேச விரும்புகிறேன். உரையாடலைப் பதிவு செய்வேன். பதில்கள் அதிகாரியின் பெயர், பதவியுடன் வெளியாகும். இதழ் வியாழன் இரவு அச்சுக்குப் போகிறது. புதன் மாலை 4 மணிக்குள் பேச முடிந்தால் உதவியாக இருக்கும்."

இதில் கெடுவைக் கவனியுங்கள். அச்சு வியாழன் இரவு. ஆனாலும் நிருபர் புதன் மாலையைக் கேட்கிறார். அதிகாரி சொல்லும் ஒரு எண்ணை விவசாயிகளிடம் மறுபடி சரிபார்க்கவும், அதிலிருந்து எழும் துணைக் கேள்வியைக் கேட்கவும் அந்த ஒரு நாள் வேண்டும். நிறுவனத்துக்கும் இரண்டு நாளுக்கு மேல் அவகாசம் கிடைக்கிறது. மாலை ஆறு மணிக்கு அனுப்பி ஏழு மணிக்குள் பதில் கேட்பது நியாயமே இல்லை. 'கருத்துக் கேட்டோம், பதில் இல்லை' என்று எழுதிக்கொள்வதற்காகவே சிலர் அப்படி அனுப்புவதுண்டு. எதிர்த்தரப்பும் அதைப் புரிந்துகொள்ளும், வழக்கு என்று வந்தால் நேரக் குறிப்போடு அந்த மின்னஞ்சலையே எடுத்து நீட்டும்.

விஷயத்தைச் சொல்வதில்தான் பல நிருபர்கள் தயங்குகிறார்கள். முழுதும் சொன்னால் எதிர்த்தரப்பு உஷாராகிவிடுமே என்ற பயம் அது. என் கருத்தில், குற்றச்சாட்டை மறைக்கவே கூடாது. 'பால் தொழிலின் எதிர்காலம்' என்று அழைத்து, பேட்டியின் நடுவே ரசீதை நீட்டினால், அதிகாரிக்கு விவரம் தெரியாமலே இருக்கலாம். 'பார்த்துச் சொல்கிறேன்' என்ற பதில்தான் மிஞ்சும். ஒருவர்மீதான புகாரை வெளியிடும்முன் அவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்று இந்தியப் பிரஸ் கவுன்சிலின் நெறிமுறைகளும் சொல்கின்றன. எந்தப் புகார் என்றே சொல்லாமல் கேட்டால் அது கேட்டதாகாது. அதற்காகக் கேள்விகளை வரிசையாக எழுதி அனுப்ப வேண்டியதில்லை. பேச வேண்டிய தலைப்புகள் போதும். யார் சொன்னது, ரசீது யாருடையது என்பதையும் சொல்லக் கூடாது. நாளை அந்த விவசாயியிடம் பால் எடுக்க மறுத்துவிடுவார்கள்.

வடிவத்தைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், நிறுவனம் தனக்கு வசதியான எழுத்துப் பதிலைத் தேர்ந்தெடுக்கும். சட்டப் பிரிவைத் தாண்டி வரும் அந்த நான்கு வரிகளில் 'விவசாயிகளின் நலனே முக்கியம்' என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. எதிர்க்கேள்வி கேட்கவும் வழியில்லை. எழுத்தில்தான் தருவோம் என்று பிடிவாதமாக இருந்தால், ஒவ்வொன்றும் எண்ணையோ தேதியையோ கேட்கும்படி ஐந்தாறு கேள்விகளை அனுப்பலாம். கட்டுரையை அச்சுக்கு முன் காட்டச் சொன்னால் மட்டும் மறுத்துவிட வேண்டும். அதிகாரி சொன்னதாக வரும் எண்களை அவரிடம் வாசித்துச் சரிபார்ப்பதில் தவறில்லை.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. காலாண்டு முடிந்து நிதி முடிவுகள் வெளியாகும்வரை, வரவு செலவு பற்றி வெளியில் பேசாமல் இருப்பது பல நிறுவனங்களின் வழக்கம். அந்த நேரத்தில் லாப விவரம் கேட்டால் கதவு மூடிக்கொள்ளும். விவசாயிகளுக்கு எப்போது, எப்படி அறிவித்தீர்கள் என்பதற்கு அந்தத் தடை பொருந்தாது. கோரிக்கையை அந்த அளவில் நிறுத்திக்கொண்டால் பேட்டி கிடைக்க வாய்ப்புண்டு.

செவ்வாய் மதியம்வரை பதில் இல்லையென்றால் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, மின்னஞ்சல் வந்து சேர்ந்ததா என்று கேட்க வேண்டும். புதன் நான்கு மணியும் தாண்டினால், எந்த நாளில் எதைக் கேட்டோம், பதில் வரவில்லை என்பதைக் கட்டுரையில் எழுதலாம். வியாழன் காலை பதில் வந்தால் கெடு முடிந்ததென்று ஒதுக்காமல் சேர்க்க வேண்டும். பக்கம் அதுவரை அச்சுக்குப் போயிருக்காது.