உபரி எங்கே போகிறது? ஒரு கண் மருத்துவமனையின் கணக்கு

கிளியனூர்க்காரர் ஒருவருக்குக் கண்புரை முற்றிவிட்டால், திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் பஸ் பிடித்து, புதுச்சேரியில் இறங்கி, கடலூர் போகும் பஸ்ஸில் தவளக்குப்பம் போய்ச் சேரலாம். அங்கே 2003-ல் திறந்த அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. உள்ளே போனால் பணம் கட்டும் பிரிவு ஒரு பக்கம், இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பார்க்கும் பிரிவு இன்னொரு பக்கம். எதில் போய் நிற்பது என்பது வருபவர் விருப்பம். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. காரில் வந்து இறங்குகிறவர் இலவச வரிசையில் நின்றால் என்ன செய்வது என்று கணக்குப்பிள்ளை மனசு பதறும். ஆனால் தனி அறையும் விருப்பமான லென்ஸும் வேண்டுமென்கிறவர்கள் தாங்களாகவே பணம் கட்டும் பக்கம் போகிறார்கள் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நம்பிக்கை. இத்தனை ஆண்டுகளில் அது பெரிதாகப் பொய்க்கவில்லை.

சமூகத் தொழில்முனைவு என்றால் லாபம் இல்லாத தொழில், வணிகத் தொழில்முனைவு என்றால் லாபத்துக்கான தொழில் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அது சரியல்ல. அரவிந்த் நன்கொடையில் ஓடும் தர்ம ஆஸ்பத்திரி அல்ல. செலவு போக மிச்சம் வைக்கிறது. அந்த மிச்சத்தில்தான் புதிய மருத்துவமனைகளைக் கட்டியிருக்கிறது. அந்த மிச்சத்துக்கு உரிமையாளர் யார் என்று பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

மனதில் நிற்பதற்காக ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு மருத்துவமனையில் மாதம் 100 கண்புரை அறுவைச் சிகிச்சை நடக்கிறது. சம்பளம், கட்டடம், கருவிகள் என்று எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு 4 லட்சம் ரூபாய். லென்ஸ், மருந்து, சாப்பாடு என்று ஆளுக்கு 2,000 ரூபாய். மொத்தச் செலவு 6 லட்சம். நோயாளிகளில் 45 பேர் ஆளுக்கு 15,000 கட்டுகிறார்கள், 55 பேருக்கு இலவசம். வரவு 6.75 லட்சம், மிச்சம் 75,000.

இதே மருத்துவமனையை வணிகக் கண்ணோடு பார்ப்பவர் என்ன சொல்வார்? இலவசம் வேண்டாம், 45 பேருக்கு மட்டும் செய்வோம் என்பார். அப்போது செலவு 4.9 லட்சமாகக் குறையும், லாபம் 1.85 லட்சமாகும். அவர் கணக்கில் பிழை ஏதும் இல்லை. சமூக நிறுவனம் தெரிந்தே விட்டுக்கொடுப்பது அந்த 1.1 லட்சத்தைத்தான். அதற்கு ஈடாக 55 பேருக்குப் பார்வை கிடைக்கிறது. அதாவது தலைக்கு 2,000 ரூபாய். கட்டடமும் டாக்டரும் எப்படியும் இருப்பதால், இன்னொரு நோயாளிக்கு ஆகும் கூடுதல் செலவு அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு உடைகிற இடமும் உண்டு. மாதம் 100 பேர் வராமல் 60 பேரே வந்தால்? அதே விகிதத்தில் 27 பேர் பணம் கட்டுவார்கள், வரவு 4.05 லட்சம், செலவு 5.2 லட்சம். 1.15 லட்சம் கைநஷ்டம். யாரும் ஊதாரித்தனம் செய்யவில்லை, கூட்டம் குறைந்தது, அவ்வளவுதான். அதனால்தான் அரவிந்தில் எல்லாமே எண்ணிக்கையைக் கூட்டுவதைச் சுற்றி அமைந்திருக்கிறது. ஒரே அறையில் இரண்டு மேஜைகள். ஒரு கண்ணை முடித்த டாக்டர் அப்படியே திரும்பி அடுத்ததைத் தொடங்குவார். கிராமங்களில் பள்ளிப்படிப்பு முடித்த பெண்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து, டாக்டர் செய்யத் தேவையில்லாத வேலை அனைத்தையும் அவர்களிடம் விட்டிருக்கிறார்கள்.

முதலீட்டுக்கு வருவோம். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு இதைத் தொடங்கியபோது குடும்பத்தின் நகையும் சொத்தும்தான் கைகொடுத்தன. பிறகு பணம் கட்டும் நோயாளிகளின் வரவு, இலவச அறுவைச் சிகிச்சைக்கு அரசு தரும் மானியம், அவ்வப்போது வெளிநாட்டு அமைப்புகளின் உதவி. இது ஓர் அறக்கட்டளை என்பதால் பங்கு விற்க முடியாது. வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்கே செலவிட வேண்டும் என்பது வரிவிலக்குக்கான பொது விதி. இதே கண் மருத்துவத்தில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டாக்டர் அகர்வால்ஸ் ஹெல்த் கேர் 2025 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்தது. புதிய ஊரில் கிளை திறக்க வேண்டுமென்றால் பெரும்பணம் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் பங்கு வாங்கியவர் காலாண்டுக்கு ஒருமுறை லாபம் கேட்பார். சமூக நிறுவனங்களுக்கென்று செபி அமைத்த சமூகப் பங்குச் சந்தையில் 2023 டிசம்பரில் பெங்களூரின் உன்னதி அறக்கட்டளை முதலில் பட்டியலிடப்பட்டது. அப்படிப்பட்ட அறக்கட்டளைக்கு அங்கே பணம் போடுபவருக்கு வட்டியும் வராது, அசலும் திரும்பாது. வருவது ஆண்டுதோறும் ஒரு தாக்க அறிக்கை மட்டுமே. நன்கொடைக்குக் கணக்குக் கேட்கும் உரிமை சேர்ந்திருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நோக்கத்தின் வித்தியாசம் விலையில் பளிச்சென்று தெரியும். 1980-களில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது. ஒன்று சுமார் 100 டாலர். இலவச நோயாளிக்கு அது கட்டுப்படியாகாது. புரையை எடுத்துவிட்டு சோடா புட்டிக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார்கள். 1992-ல் அரவிந்த் மதுரையில் தன் ஆரோலேப் நிறுவனத்தைத் தொடங்கி அதே வகை லென்ஸைச் சுமார் 10 டாலருக்குச் செய்தது. வணிக நிறுவனமாக இருந்தால் 70, 80 டாலருக்கு விற்றே சந்தையைப் பிடித்திருக்கும்.

அளவிடுவதுதான் இருப்பதிலேயே கடினம். வணிகத்துக்கு ஒரே அளவுகோல் போதும், பணம். சமூக நிறுவனம் எதை எண்ணுவது? எத்தனை அறுவைச் சிகிச்சை என்பது மருத்துவமனை செய்த வேலையின் அளவு. சில வாரம் கழித்து அந்தக் கண் எவ்வளவு தூரம் பார்க்கிறது என்பது நோயாளிக்குக் கிடைத்த பலன். இரண்டும் ஒன்றல்ல. ஆயிரக்கணக்கில் செய்துவிட்டு, கிருமித்தொற்றில் எத்தனை கண் போனது என்று பார்க்காமல் விட்டால் முதல் எண் அழகாகவே இருக்கும்.

இவற்றுக்கு அப்பாலும் ஒரு கேள்வி உண்டு. கண் முகாம் நடந்த தமிழகக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுத்த ஓர் ஆய்வு 1999-ல் வெளிவந்தது; அரவிந்தைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். கண்ணில் கோளாறு இருந்த பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 100-க்கு சுமார் 7 பேர்தான். இத்தனைக்கும் முகாம்களில் கூட்டம் அலைமோதியது. பயம், வீட்டில் ஆளில்லை, கூலி போய்விடும், கூட வர யாருமில்லை என்று வராததற்குப் பல காரணங்கள். இலவசம் என்று நாம் சொன்னாலும், கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அது இலவசமல்ல.

நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கையில் இப்படி ஓர் எண்ணைப் போட யாருக்கும் கை வராது. இவர்கள் அதை ஆய்விதழில் வெளியிட்டார்கள். முகாம் மட்டும் போதாது என்றானதும் 2004 முதல் ஊருக்குள்ளேயே சிறு பார்வை மையங்கள் வந்தன. இன்று அவை நூற்றுக்கு மேல். அங்கே டாக்டர் இருக்கமாட்டார். பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைப் பரிசோதிப்பார். டாக்டர் மருத்துவமனையிலிருந்து வீடியோவில் பேசுவார். சொற்பக் கட்டணமும் கண்ணாடி விற்பனையும் சேர்ந்து மையத்தின் அன்றாடச் செலவைத் தாங்க வேண்டும். எல்லா ஊரிலும் சீக்கிரம் தாங்கிவிடுவதில்லை. ஆள்நடமாட்டம் குறைந்த ஊரில் மையம் தன் காலில் நிற்க அதிக காலம் பிடிக்கிறது. அதுவரை பெரிய மருத்துவமனையின் மிச்சம்தான் அதைச் சுமக்கிறது.

எந்த மருத்துவமனையின் பதிவேட்டைப் புரட்டினாலும் வராதவர்கள் பெயர் இருக்காது. 100-க்கு 7 என்பது இன்று எத்தனை ஆகியிருக்கிறது என்று ஒரு வட்டாரத்தில் அறிய வேண்டுமானால் மறுபடி வீடு வீடாகப் போயாக வேண்டும். அந்தச் செலவிலிருந்து ஒரு ரூபாய்கூட வருமானமாகத் திரும்பாது. வணிக நிறுவனம் அதைச் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை; கடைக்கு வராதவர் அதற்கு வாடிக்கையாளரே அல்ல.